பிஸ்கற் ரின்னுக்குள் பதினாலு வருடம்

போன முறை ஹம் காமாட்சி அம்பாள் தேருக்குப் போயிருந்தேன். தேர் இருப்புக்கு வந்த பிறகு, மோர்ப் பந்தலுக்குப் பக்கத்தில் ஒரு பெடியன் என்னைப் பிடித்துக்கொண்டான். இருபத்தெட்டு வயது இருக்கும்.

"அங்கிள், நீங்கள் பரீட்சை எழுதி கொக் ஆனனீங்கள் எண்டு அப்பா சொன்னவர். நான் ஏழு வருசமா ஒரு றெஸ்ரோறண்டில அடுப்பில நிக்கிறன். படிச்ச பேப்பர் ஒண்டும் கையில இல்லை. எனக்கும் எழுதலாமே?"

எழுதலாம் என்றேன். பிறகு ஒரு கேள்வி கேட்டேன். அவனுக்குப் பதில் தெரியவில்லை. அந்தக் கேள்வி என்ன என்று பிறகு சொல்கிறேன். அதைச் சொல்ல வேண்டுமென்றால் நான் கோப்பை கழுவின காலத்திலிருந்து தொடங்க வேண்டும்.

எங்கள் ஊர் மீசாலை. தென்மராட்சிக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை, மாம்பழம் என்றால் மீசாலை. வீட்டில் வயல் ஐந்து பரப்பு, பின்வளவில் பிலா, மா, தென்னை. குசினிக்குள் நான் போனது சாப்பிடத்தான். 1984 ஐப்பசியில், இருபத்திரண்டு வயதில், கிழக்கு பேர்லின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கினேன். அந்த நாட்களில் வந்த எல்லாருக்கும் அந்தப் பாதை தெரியும். இறங்கி, ரயில் ஏறி, ஃபிறீட்றிக்ஸ்ற்றாச நிலையத்துக்கு வந்து, அங்கிருந்து மற்ற ரயிலைப் பிடித்தால் மேற்கு பேர்லின். 1985 யூலையோடு எங்கள் ஆட்களுக்கு அந்தக் கதவைப் பூட்டிவிட்டார்கள். நான் பூட்டுவதற்கு முன் வந்தவன். பேர்லினிலிருந்து என்னைக் கொலோனுக்கு ஒதுக்கினார்கள்.

வந்தவுடன் வேலை செய்ய முடியாது. தஞ்சம் கேட்டவனுக்கு அப்போது இரண்டு வருடம் வேலைத்தடை. ஒரு அறையில் ஐந்து பேர், சோசல் காசு, பின்னேரம் 304, இரவு ரெலிவிஷனில் விளங்காத படம். தோட்டத்தில் நின்ற கைகள் இரண்டு வருடம் சும்மா இருந்தால் மனுசனுக்கு என்ன நடக்கும் என்பது தனிக் கதை. 1986 கார்த்திகையில் எனக்கு வேலை அனுமதி கிடைத்தது. இரண்டே மாதத்தில், 1987 தையில், அந்தத் தடையை ஐந்து வருடமாக்கினார்கள். எனக்குப் பின்னால் வந்தவர்களை நினைத்தால் இப்போதும் ஒரு மாதிரித்தான் இருக்கும்.

அனுமதி என்று சொன்னாலும் அப்போது அது சும்மா கிடைக்காது. முதலில் உங்களை வைத்திருக்க ஒரு முதலாளி சம்மதிக்க வேண்டும். அவர் படிவம் நிரப்பி வேலைவாய்ப்புக் கந்தோருக்கு அனுப்புவார். அவர்கள் அந்த வேலைக்கு ஒரு டொச்சுக்காரரோ ஐரோப்பியரோ வருவாரா என்று சில கிழமை தேடுவார்கள். ஒருவரும் வராவிட்டால்தான் உங்களுக்கு. அந்த அனுமதியும் அந்த ஒரு இடத்தில் அந்த ஒரு வேலைக்கு மட்டும். ஆகவே எங்கள் ஆட்கள் ஏன் எல்லாரும் கோப்பை கழுவினார்கள் என்று யாரும் பெரிய ஆராய்ச்சி செய்யத் தேவையில்லை. இரவு பன்னிரண்டு மணிக்கு நனைந்த சப்பாத்தோடு வீட்டுக்குப் போகிற வேலைக்கு வேறு ஒருவரும் வரவில்லை.

என்னை எடுத்தது ஒரு பழைய பியர் மாளிகை. பெயர் வேண்டாம், பின்னால் வருகிற விசயத்துக்காக. சுகாதாரக் கந்தோரில் மலப் பரிசோதனை, நெஞ்சுப் படம் எல்லாம் முடித்து ஒரு அட்டை தந்தார்கள். அந்த நாட்களில் அந்த அட்டை இல்லாமல் உணவு இருக்கிற இடத்துக்குள் கால் வைக்க முடியாது.

கோப்பை கழுவுகிற மிசின் ஒரு பெரிய இரும்புப் பெட்டி. மூடியைக் கீழே இழுத்தால் ஓடத் தொடங்கும். உள்ளே தண்ணீர் அறுபது பாகைக்குக் கொஞ்சம் மேலே நின்று கழுவும், கடைசி அலசல் எண்பதுக்கு மேலே. எனக்கு அதைக் காட்டித் தந்தவர் ஒரு துருக்கிக்காரர். இரண்டு பேருக்கும் டொச் தெரியாது. அவர் சூடான கோப்பையைத் தூக்கி, என் கண்ணுக்கு முன்னால் பிடித்து, விரலால் ஒன்று, இரண்டு என்று எண்ணினார். எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகுதான் பிடிபட்டது. அலசல் சரியான சூட்டில் நடந்தால், வெளியே எடுத்த கோப்பை துணி படாமலே கொஞ்ச நேரத்தில் தானாகக் காய்ந்துவிடும். துளிதுளியாக ஈரம் நின்றால் ஒன்றில் சூடு போதாது, அல்லது அலசல் திரவம் முடிந்துவிட்டது. துணியால் துடைத்து ஒளிக்கக் கூடாது, ஈரத் துணிதான் குசினியில் ஆக அழுக்கான பொருள். நான் ஜேர்மனியில் படித்த முதல் தொழிற் பாடம் இது.

சினிமாவில் என்றால் ஒருநாள் சமையல்காரன் வராமல் விடுவான், கோப்பை கழுவுகிறவன் கரண்டியைத் தூக்குவான், சாப்பிட்டவர்கள் எழும்பி நின்று கை தட்டுவார்கள். எனக்கு அப்படி ஒன்றும் நடக்கவில்லை. எனக்கு வாய்த்தது மத்தியானம் இரண்டரைக்கும் பின்னேரம் ஐந்துக்கும் இடையில் இருந்த ஓட்டை. குசினி வேலையைக் காலை ஒரு துண்டு, இரவு ஒரு துண்டு என்று வெட்டி வைத்திருப்பார்கள். நடுவில் எல்லாரும் வீட்டுக்குப் போவார்கள். என்னுடைய அறை நகரத்தின் மற்றக் கரையில். போய் வர ஒன்றரை மணித்தியாலம், ரிக்கற் காசு வேறு. ஆகவே நான் அங்கேயே இருந்தேன். இருக்கிறவனைச் சும்மா இருக்க விடுவார்களா? பெரிய சமையல்காரர் ஒரு மூட்டை உருளைக்கிழங்கையும் ஒரு சின்னக் கத்தியையும் தந்தார். சம்பளம் இல்லாத நேரம் அது. பிறகு இதைச் சட்டம் தெரிந்த ஒருவரிடம் சொன்னபோது தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் கத்தி பிடிக்கப் பழகினது அந்த நேரத்தில்தான்.

கொலோனில் உருளைக்கிழங்கைத் துருவி, வெங்காயம் சேர்த்துப் பொரிக்கிற ஒரு தட்டையான சாமான் இருக்கிறது. றைபகூகன் என்பார்கள். அப்பிள் மசியலோடு சாப்பிடுவார்கள். எங்களுக்கு உறைப்புச் சட்னி இல்லாமல் அது இறங்காது, அது வேறு விசயம். துருவின கிழங்கு தண்ணீர் விடும். அதைப் பிழிய வேண்டும். நான் பிழிந்த தண்ணீரை ஊற்றப் போனேன். பெரியவர் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். வாளியைப் பத்து நிமிடம் அப்படியே வைக்கச் சொன்னார். பிறகு மேலே இருந்த தண்ணீரை மெல்லச் சரித்து ஊற்றினார். அடியில் வெள்ளையாக, சுண்ணாம்பு மாதிரி ஒரு படை இறுகிக் கிடந்தது. கிழங்கின் மா. அதைச் சுரண்டித் திரும்பக் கிழங்கோடு சேர்த்தார். அந்த மாதான் பொரிக்கும்போது உதிராமல் பிடித்து வைக்கும். அதை ஊற்றிவிட்டு கோதுமை மாவைப் போடுகிறவனுடைய றைபகூகன் ரொட்டி மாதிரி இருக்கும். எனக்கு அந்த வாளி ஒன்றும் புதினமில்லை. அம்மா மரவள்ளியில் மா எடுத்தது இப்படித்தான். அன்றைக்குத்தான் இந்தக் குசினி எனக்குத் தெரிந்த உலகத்தோடு ஒட்டியது.

பேச்சு மட்டும் ஒட்டவில்லை. கொஞ்ச நாளில் குளிர்ப் பக்கத்தில், அதாவது சலாட், பாண், சீஸ் வைக்கிற பக்கத்தில், கை உதவிக்கு விட்டார்கள். முதல் நாளே 'ஒரு ஹால்வ ஹான்' என்று குரல் வந்தது. ஹான் என்றால் சேவல், அரைச் சேவல் என்று சொல்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். குளிர் அறைக்குள் போய்க் கோழி தேடினேன். வெளியில் வந்து கோழி இல்லை என்றேன். குசினியே விழுந்து விழுந்து சிரித்தது. கொலோனில் அரைச் சேவல் என்றால் றை மா பாணும் ஒரு தடித்த துண்டு கௌடா சீஸும். கோழிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அன்றிரவு முதல் நான் சொற்களை எழுதத் தொடங்கினேன். கொப்பி வாங்கக் காசு செலவழிக்க மனமில்லை. குசினிச் சுவரில் ஒட்டுகிற கிழமை அட்டவணை, யார் எந்த நேரம், யார் எந்த அடுப்பில் என்று கட்டம் போட்ட தாள், கிழமை முடிய குப்பைக்குப் போகும். அதைக் கழற்றி எடுத்து, பின்பக்கத்தில் டொச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதி, பக்கத்தில் கருத்தையும் எழுதுவேன். எழுதினவற்றை ஒரு டென்மார்க் பிஸ்கற் ரின்னுக்குள் போட்டு வைத்தேன். இந்த ரின்னை ஞாபகம் வைத்திருங்கள்.

1991இல் என்னைச் சூடான பக்கத்துக்கு, சோஸ் அடுப்புக்கு விட்டார்கள். என் ஒப்பந்தத்தில் கோப்பை கழுவுகிற உதவியாள் என்பதை வெட்டி, குசினி உதவியாள் என்று எழுதினார்கள். கியூக்கன்ஹில்ஃப. மணிக்கு அறுபது பெனிக் கூடியது. எனக்குச் சந்தோசம். சந்தோசத்தில் அந்தச் சொல்லை நான் இரண்டாம் தரம் பார்க்கவில்லை.

சோஸ் என்றால் போத்தலில் வருவதை நினைக்காதீர்கள். டொச் குசினியின் அத்திவாரம் எலும்புச் சாறு. மாட்டெலும்பைச் சின்னதாக வெட்டிச் சூளையில் நல்ல மண்ணிறமாக வறுப்பார்கள். பெரிய சரிவுச் சட்டியில் கரட், செலறிக் கிழங்கு, வெங்காயம் வறுபடும். அது நிறம் எடுத்த பிறகு தக்காளி விழுது. இந்த இடத்தில்தான் தொழில் இருக்கிறது. தக்காளி விழுது சிவப்பிலிருந்து செங்கல் நிறத்துக்கு மாற வேண்டும், புளிப்பு மணம் போய் இனிப்பு மணம் வர வேண்டும். அதைத் தாண்டி அரை நிமிடம் விட்டாலும் கசக்கும். கசந்த சாற்றை ஒன்றும் செய்ய முடியாது. சீனி போட்டால் இனித்துக்கொண்டே கசக்கும். விழுது நிறம் மாறினதும் ஒரு அகப்பை தண்ணீர் விட்டு, அடியில் பிடித்ததைச் சுரண்டி, வற்ற விட்டு, திரும்ப ஒரு அகப்பை. மூன்று நான்கு தரம் இப்படி. பிறகு எலும்பும் குளிர்ந்த தண்ணீரும் சேர்த்து ஆறு, ஏழு மணித்தியாலம். கொதிக்கக் கூடாது, மேலே ஒரு மூலையில் மட்டும் குமிழி வர வேண்டும். கொதித்தால் கொழுப்பு உடைந்து சாறு கலங்கும்.

ருசி பார்க்காமல் இதைச் செய்ய முடியுமா? நான் மாட்டிறைச்சி வாயில் வைக்காத வீட்டில் பிறந்தவன். முதல் இரண்டு மாதம் மணத்தை வைத்தும் நிறத்தை வைத்தும் சமாளித்தேன். பெரியவர் ஒருநாள், "நீ சாப்பிடாததை மற்றவனுக்கு எப்பிடி விக்கிறாய்?" என்று கேட்டார். அன்றைக்குக் கரண்டி நுனியில் ருசி பார்த்தேன். அம்மாவுக்கு இது தெரியாது. கேட்கவுமில்லை. கேட்காமல் விட்டது தெரிந்துதான் என்று இப்போது நினைக்கிறேன்.

நான் விட்ட ஆகப் பெரிய பிழையையும் சொல்லவேண்டும். ஒரு கார்னிவல் கிழமை. கொலோனில் கார்னிவல் என்றால் ஊரே வெறியில் நிற்கும். நாற்பது லீற்றர் சாறு இரவு பதினொரு மணிக்கு வடித்து முடித்தேன். களைப்பு. பெரிய கிடாரத்தோடு அப்படியே மூடி, தூக்கு வண்டியில் வைத்துக் குளிர் அறைக்குள் தள்ளிவிட்டு வீட்டுக்குப் போனேன். குளிர் அறை நான்கு பாகை, பிறகென்ன பயம்? அடுத்த நாள் காலை மூடியைத் திறந்தால் மேலே சின்னச் சின்ன நுரைக் குமிழிகள், அடுப்பில்லாமலே. மணத்தில் ஒரு புளிப்பு. பெரியவர் ஒரு சொல்லும் பேசாமல் மிதி பலகையை எடுத்து வைத்து, நாற்பது லீற்றரையும் என்னைக் கொண்டே ஊற்றச் செய்தார்.

நடந்தது இதுதான். நாற்பது லீற்றர் ஒரே கிடாரத்தில் இருந்தால் ஓரம் குளிரும், நடு குளிராது. மூடியும் போட்டால் ஆவி போக வழியில்லை. நடுப்பகுதி விடியும் வரைக்கும் இளஞ்சூட்டில் கிடக்கும், பால் உறைய வைக்கிற சூடு. கிருமிக்கு அதைவிட நல்ல தொட்டில் இல்லை. போதாததற்கு அந்தச் சூடு குளிர் அறையில் இருந்த மற்றச் சாமான்களையும் சூடாக்கிவிடும். செய்ய வேண்டியது, சாற்றை ஆழமில்லாத தட்டங்களில் பிரித்து ஊற்றி, அவற்றைக் குளிர்ந்த தண்ணீர் ஓடுகிற தொட்டியில் வைத்து, இடைக்கிடை கிளறி, மூடாமல் ஆறவிட்டு, கை வைத்தால் குளிர்கிற நிலைக்கு வந்த பிறகுதான் குளிர் அறை. அரை மணித்தியாலக் கூடுதல் வேலை. கோயில் மடங்களில் பெரிய அண்டாவில் சாம்பாரை மூடி வைக்கிற எங்கள் ஆட்களுக்கும் இதைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். கேட்பவர்கள் குறைவு.

இப்படியே வருடங்கள் ஓடின. கேஸ் இழுபட்டு விசாவாகி, கலியாணமாகி, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய், பெரியவரும் ஓய்வு பெற்றுப் போனார். சோஸ் அடுப்பு என்னுடையது. கல்லு மாதிரி ஒரு நிரந்தர வேலை. 2005இல் பியர் மாளிகை கைமாறியது. புது நிர்வாகம் இருபத்தொரு வயதுப் பெடியன் ஒருவனைக் கொண்டுவந்தது. மூன்று வருடம் பயிற்சி முடித்துப் பேப்பரோடு வந்தவன். நல்ல பெடியன், பிழை சொல்லமாட்டேன். அவனுக்குச் சோஸ் பழக்கச் சொன்னார்கள். பழக்கினேன். இரண்டாம் மாதம் அவன் தன் சம்பளத் தாளை மேசையில் விட்டுவிட்டுப் போனான். பார்க்கக் கூடாதுதான். பார்த்தேன். என்னைவிட முந்நூறு யூரோ கூட.

நிர்வாகியிடம் போனேன். அவர் கோவைக் கட்டைத் திறந்து, "நீங்கள் குசினி உதவியாள் எண்டுதானே இருக்கு. உதவியாளுக்கு உரிய சம்பளம் சரியாத்தான் போகுது" என்றார். பதினாலு வருடம் சோஸ் அடுப்பில் நின்றவன் ஆவணத்தில் கரட் சீவுகிறவனாக இருந்தான்.

அப்போதுதான் வெளியாள் பரீட்சை என்று ஒன்று இருப்பது தெரிய வந்தது. தொழிற் பள்ளிக்குப் போகாதவனும், அந்தத் தொழிலை நீண்ட காலம் செய்திருந்தால், பயிற்சி முடித்த பிள்ளைகளோடு ஒன்றாக இருந்து அதே பரீட்சையை எழுதி அதே பத்திரத்தைப் பெறலாம். இது ஒன்றும் புதுச் சலுகை இல்லை, 1969இல் வந்த தொழிற்கல்விச் சட்டத்திலேயே இருக்கிறது. முன்பு பயிற்சிக் காலத்தின் இரண்டு மடங்கு வேலை செய்திருக்க வேண்டும், 2005இல் அதை ஒன்றரை மடங்காகக் குறைத்தார்கள். சமையற் பயிற்சி மூன்று வருடம். ஆகவே நாலரை வருடம் போதும். என்னிடம் பதினாலு இருந்தது.

என்று நினைத்துக்கொண்டு கொலோன் வணிகக் கைத்தொழிற் சம்மேளனத்துக்குப் போனேன். அங்கிருந்த அம்மா பொறுமையாகக் கேட்டார், பிறகு என் ஒப்பந்தத்தைப் பார்த்தார். நாலரை வருடம் என்பது அந்தத் தொழிலைச் செய்த நாலரை வருடம். உதவியாளாக இருந்த காலம் தானாகக் கணக்கில் வராது. வேலை கொடுத்தவர், இவர் இந்தக் காலத்தில் இன்னின்ன சமையல் வேலை செய்தார் என்று கடிதம் தர வேண்டும். நிர்வாகம் தந்த கடிதத்தில் அவர்களுடைய கோவையில் இருந்ததுதான் இருந்தது. ஒப்பந்தச் சொல்லை மாற்றி எழுதினால் பழைய சம்பள வித்தியாசத்தை நான் கேட்பேன் என்ற பயம் அவர்களுக்கு.

"வேறு வழியிலயும் காட்டலாம்" என்றார் அந்த அம்மா. சட்டத்திலேயே அப்படி ஒரு வாசகம் இருக்கிறது. காலத்தைக் காட்ட முடியாவிட்டாலும், அந்தத் தொழில் கைவசம் இருக்கிறது என்பதை நம்பும்படி காட்டினால் போதும்.

அன்றிரவு எங்கள் வீட்டில் அலுமாரிக்கு மேலே இருந்த பிஸ்கற் ரின்னை மனுசி இறக்கித் தந்தாள். ஒன்றில்லை, ஐந்து ரின். இத்தனை வருடமாகச் சேர்ந்த கிழமை அட்டவணைகள். பின்பக்கம் என் சொற்கள். முன்பக்கத்தில், திகதி போட்டு, பெரியவரின் கையெழுத்தோடு, 1991 முதல் சோஸ் அடுப்புக் கட்டத்துக்குள் என் பெயர். கிழமைக்குக் கிழமை. இடைக்கிடை சில கிழமை இல்லை, ஆனால் பதினாலு வருடம் முழுக்கத் தொடர்ந்து வருகிறது. ஓய்வில் இருந்த பெரியவரைத் தேடிப் போனேன். கை நடுக்கத்தோடு இரண்டு பக்கம் எழுதித் தந்தார். சாறு, கட்டின சோஸ், ஊறப்போட்ட மாட்டிறைச்சிப் பொரியல், சூப் வகை என்று ஒவ்வொன்றாக, எந்த வருடத்தில் இருந்து நான் தனியாகச் செய்தேன் என்று. ரின்னையும் கடிதத்தையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த அம்மா ஒரு தாளைத் திருப்பிப் பார்த்து, "இது என்ன எழுத்து?" என்று கேட்டார். பரீட்சைக்கு அனுமதித்தார்கள்.

எழுத்துப் பரீட்சை 2006 கார்த்திகையில். ஒன்றரை வருடம் கிழமைக்கு இரண்டு இரவு ஆயத்த வகுப்பு. சமையற் பாடம் பயமில்லை. கணக்குத்தான் பிடித்து விழுத்தியது. கணக்கு என்றால் கஷ்டமான கணக்கு இல்லை, ஏமாற்றுகிற கணக்கு. உதாரணம் ஒன்றைப் பார்ப்போம். ஆறு பேருக்கு, ஆளுக்கு 150 கிராம் வெந்த இறைச்சி வைக்க வேண்டும். மொத்தம் 900 கிராம். இறைச்சி வேகும்போது நூற்றுக்கு 30 சுண்டும். அதற்கு முன் சவ்வு, கொழுப்புத் துப்பரவாக்கும்போது நூற்றுக்கு 10 போகும். எவ்வளவு வாங்க வேண்டும்?

எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். 900க்கு 30 வீதம் கூட்டினால் 1,170. அதற்கு 10 வீதம் கூட்டினால் 1,287 கிராம். பிழை. ஏன் என்று பார்க்க, 1,287ஐச் சட்டியில் போட்டுப் பாருங்கள். துப்பரவாக்கினால் 1,158 மிஞ்சும், வெந்தால் 811. ஒரு கோப்பைக்கு 150 இல்லை, 135தான் வருகிறது. சுண்டுகிற 30 வீதம் என்பது வெந்த இறைச்சியில் இல்லை, பச்சை இறைச்சியில். ஆகவே 900 என்பது பச்சை இறைச்சியின் 70 வீதம். 900ஐ 0.7ஆல் பிரித்தால் 1,286. அது துப்பரவாக்க முந்திய நிறையின் 90 வீதம். 0.9ஆல் பிரித்தால் 1,429 கிராம். கூட்டாதே, பிரி. வகுப்பில் இருந்த இருபது பேரில் பதினைந்து பேர் கூட்டினார்கள். ஊரில் நெல்லுக் குத்தி அரிசி கணக்குப் பார்த்த அப்பா பள்ளிக்கூடம் போகாமலே இதைச் சரியாகச் செய்திருப்பார். இவ்வளவு அரிசி வேண்டுமென்றால் எவ்வளவு நெல் என்பது இதே கணக்குத்தான்.

செய்முறைப் பரீட்சை 2007 தையில். ஆறு பேருக்கு மூன்று வகைச் சாப்பாடு, மொத்தம் ஆறு மணித்தியாலத்துக்குள். எனக்கு லீக்ஸ் சூப், பிரட்டி அவித்த மாட்டிறைச்சி, அப்பிள் இனிப்பு. லீக்ஸ் சூப்பைக் கடைசியில் முட்டை மஞ்சட்கருவும் கிறீமும் சேர்த்துக் கட்ட வேண்டும். என் பக்கத்து மேசைப் பிள்ளை கொதித்துக்கொண்டிருந்த சூப்பில் அதை நேராக ஊற்றினாள். ஒரு கண நேரம். சூப்பில் முட்டைத் துகள் மிதந்தது. மஞ்சட்கரு எண்பது பாகையைத் தாண்டினால் திரைந்துவிடும். முதலில் ஒரு அகப்பைச் சூப்பை முட்டைக் கலவைக்குள் விட்டு அதைச் சூட்டுக்குப் பழக்க வேண்டும், பிறகு சட்டியை அடுப்பிலிருந்து இறக்கி வைத்துவிட்டுத்தான் ஊற்ற வேண்டும். அடுப்பில் திரும்ப வைக்கக் கூடாது. சொதியை இறக்கி வைத்த பிறகுதான் தேசிக்காய் விட வேண்டும் என்று அம்மா அக்காவைத் திட்டுகிற சத்தம் எனக்கு அந்த இடத்தில் கேட்டது. பால் திரையக் கூடாது. இரண்டும் ஒரே எச்சரிக்கை.

சமையல் முடிந்தால் விருந்தாளியோடு கதைக்க வேண்டும். பரீட்சகர் விருந்தாளி மாதிரி இருந்து, இது என்ன, எப்படிச் செய்தது என்று கேட்பார். எனக்குச் சட்டியைவிட இதற்குத்தான் பயம். பிஸ்கற் ரின்னில் இருந்த சொற்கள் எல்லாம் வரிசையில் வந்து நின்றன, உச்சரிப்பைத் தவிர. பரீட்சகர் ஒரு தரம் சிரித்தார், ஆனால் விளங்கியது. சித்தியெய்தினேன். சமூகக் கல்விப் பாடத்தில் மட்டும் மயிரிழையில்.

டொச்சில் சமையல்காரனுக்குக் கொக் என்று பெயர். வீட்டில் பிள்ளைகள் என்னைக் கொக்கு என்றுதான் பகிடி பண்ணினார்கள். ஊர் வயலில் கொக்கு ஒற்றைக் காலில் நிற்கும், நான் பத்து மணித்தியாலம் இரண்டு காலில் நின்றேன், வித்தியாசம் அவ்வளவுதான். அதற்குப் பிறகு பழைய இடத்தில் நான் ஒரு மாதம்கூட நிற்கவில்லை. பத்திரத்தை வைத்து வேறு இடத்தில் கொக் என்று எழுதின ஒப்பந்தத்தோடு சேர்ந்தேன். பதினாலு வருட வித்தியாசக் காசு வரவேயில்லை.

இனித் தேரடியில் நான் கேட்ட கேள்விக்கு வருகிறேன். "உன்ர ஒப்பந்தத்தில என்ன வேலை எண்டு எழுதியிருக்கு?" பெடியன் வீட்டுக்குப் போய்ப் படம் எடுத்து அனுப்பினான். ஔஸ்ஹில்ஃப, தற்காலிக உதவியாள். ஏழு வருடமாக.

அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். நாலரை வருடச் சட்டம் இன்றைக்கும் அப்படியேதான் இருக்கிறது. 2022இல் இருந்து குசினிக்கு இரண்டு வருடப் பயிற்சித் தொழில் ஒன்றும் இருக்கிறது. அதற்கு ஒன்றரை மடங்கு என்றால் மூன்று வருடம் போதும், பயமுள்ளவர்கள் அதிலிருந்து தொடங்கலாம். 2025 தை முதல், இருபத்தைந்து வயது தாண்டிய, அந்தத் தொழிலில் பத்திரம் இல்லாதவர்களுக்கு, பரீட்சை இல்லாமல் கைவேலையைப் பார்த்து மதிப்பிட்டு எழுதித் தருகிற ஒரு முறையும் வந்திருக்கிறது. எல்லாவற்றிலும் கேட்கப்போவது ஒன்றுதான், நீ இதைச் செய்தாய் என்பதற்கு என்ன இருக்கிறது?

சமையல் மட்டுமில்லை, பேக்கரியில் நிற்கிறவர்கள், மரவேலை செய்கிறவர்கள், எல்லாருக்கும் இதே வழிதான். வேலை மாறினால் ஒப்பந்தத்தில் பெயரையும் மாற்றக் கேளுங்கள், மேலாள் மாறிப் போகும்போது அவரிடம் ஒரு இடைக்காலச் சான்றிதழை எழுதி வாங்குங்கள். அது கேட்டுப் பெறுகிற உரிமை. ரின் சேர்க்கத் தேவையில்லை. நாளைக்கு வேலைக்குப் போனதும், சுவரில் ஒட்டியிருக்கிற அட்டவணையை ஒரு படம் எடுத்து வையுங்கள்.